ஆட்டோவுக்கு வெளியே தெரிந்த கை: ஒரு நிமிட நாடகத்தில் ஹூக் எப்படி வேலை செய்கிறது

திருகோணமலையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து போனில் பார்க்கிற மைக்ரோ டிராமா ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். முப்பது எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், நிமிர்ந்த படச்சட்டம், ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் அடுத்ததைப் பார்க்க வைக்கிற ஒரு ஹூக். ஹூக் என்றால் தூண்டில் முள்தானே என்று எங்கள் குழுவில் கடற்றொழில் வீட்டுப் பிள்ளை ஒருத்தன் கேட்டான். ஓம், அதேதான், ஆனால் முள்ளைக் காட்டினால் மீன் வராது என்பதையும் அவனே சொன்னான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

முதலில் இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சீனாவில் இதற்குத் துவான்ஜூ என்று பெயர், குறு நாடகம் என்று அர்த்தம். ஒன்று இரண்டு நிமிட எபிசோடுகள், ஒரு தொடருக்கு அறுபதில் இருந்து நூறு வரை. முதல் பத்துப் பன்னிரண்டு எபிசோட் இலவசம், அதன்பிறகு காசு கட்டியோ விளம்பரம் பார்த்தோ அடுத்ததைத் திறக்க வேண்டும். ரீல்ஷார்ட், டிராமாபாக்ஸ் போன்ற ஆப்கள் இதே ஏற்பாட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயின. ஹூக் இந்த வடிவத்தில் ஏன் இவ்வளவு பெரிய ஆளானது என்பதற்குப் பதில் இந்தக் காசுப் பூட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நிமிட முடிவிலும் பார்க்கிறவர் ஒரு சின்ன முடிவு எடுக்கிறார், கடைசி இலவச எபிசோடில் அது காசு கொடுக்கிற முடிவாகிவிடுகிறது. அதனால் அந்த இடத்தில் வைக்கிற ஹூக்தான் தொடரிலேயே கனமானதாக இருக்கும்.

குட்டிக் குட்டியாகப் போனில் காட்டினால் போதும் என்பது உண்மையில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் குவிபி என்று ஒரு சேவை தொடங்கினார்கள். ஹாலிவுட் பெரிய தலை ஜெஃப்ரி கட்சென்பெர்க் ஆரம்பித்தது, கிட்டத்தட்ட 175 கோடி டொலர் முதலீடு, பெரிய நடிகர்கள், எபிசோட் எல்லாம் பத்து நிமிடத்துக்குள். அதே வருடம் டிசம்பரில் மூடிவிட்டார்கள். கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தது, போட்டிக்கு இலவச வீடியோக்கள் கொட்டிக் கிடந்தது என்று பல காரணம் சொல்வார்கள். என் கணிப்பில் எழுத்திலும் ஒரு கோளாறு இருந்தது. அங்கே வந்த கதைகளில் பல, முழுப் படத்தைத் துண்டு போட்டது போல இருந்தன. வெட்டின இடத்தில் கதை நின்றது, அவ்வளவுதான். மைக்ரோ டிராமாவில் துண்டு போடுகிற வேலையே கிடையாது, அந்த ஒரு நிமிடத்தை அளவாக வைத்துத்தான் கதையே கட்டப்படுகிறது. வாராந்தர சஞ்சிகையில் தொடர்கதை எழுதினவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். 'தொடரும்' என்று போடுகிற இடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் அந்த வார அத்தியாயத்தையே தொடங்குவார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். மலர் என்று ஒரு பெண், இருபத்தாறு வயது, டவுனில் ஒரு அடகுக் கடையில் வேலை. அப்பா ஒன்பது வருடத்துக்கு முதல் வாடைக் காலத்தில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒருநாள் ஒரு பையன் அடகு வைக்கக் கொண்டுவருகிற மோதிரம் அப்பாவுடையது. இதுதான் தொடக்கம்.

முதலில் எழுதின எபிசோட் ஒன்று இப்படி முடிந்தது: மலர் மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், கடைக்கதவு மெல்லத் திறக்கிறது, தரையில் ஒரு ஆணின் நிழல், வெட்டு. எழுதினபோது எங்களுக்கே புல்லரித்தது. எபிசோட் இரண்டு எப்படித் தொடங்கியது தெரியுமா? நிழல் கடை முதலாளியுடையது. சாப்பாட்டுக்குப் போய்விட்டு வருகிறார்.

இதைச் சோதனைக்காக ஒரு சின்னச் சானலில் போட்டோம். யூடியூப் ஷார்ட்ஸில் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று காட்டும், எந்த விநாடியில் ஆட்கள் கழன்றார்கள் என்று ஒரு கோடும் வரும். எபிசோட் ஒன்றில் கோடு கடைசிவரை ஓரளவு நேராகவே போனது. எபிசோட் இரண்டில் முதலாளியின் முகம் வந்த விநாடியில் கோடு படியில் இறங்கின மாதிரி விழுந்தது. கீழே ஒரு கருத்து: 'இதுக்கா நிண்டு பாத்தனாங்கள்?' நியாயமான கேள்வி. எபிசோட் ஒன்றின் ஹூக் நன்றாக வேலை செய்தது, ஆனால் அது வாங்கின கடனை எபிசோட் இரண்டு கட்டவில்லை. ஒரு ஹூக் பொய் என்பது அது இருக்கிற எபிசோடில் தெரியாது, அடுத்த எபிசோடின் முதல் மூன்று விநாடியில்தான் தெரியும். அதனால் இரண்டையும் ஒரே இருப்பில் எழுத வேண்டும், முதலில் கடைசி வரி, உடனே அடுத்ததின் முதல் வரி, அப்புறம்தான் நடுவில் உள்ளது.

திருத்தி எழுதின எபிசோட் ஒன்று இது:

அடகுக் கடை. பகல். தராசின் தட்டில் ஒரு மோதிரம் விழுகிறது. எண்: 4.02

மலர் (நிமிராமல்): அரைப் பவுண்தான் வரும் தம்பி. ஐடென்ரிட்டி கார்ட் இருக்கா?

பையன்: இருக்கு அக்கா. கெதியாப் பாருங்கோ, ஆட்டோ நிக்குது.

மலர் கண்ணாடியை வைத்து மோதிரத்தின் உள்பக்கத்தைப் பார்க்கிறாள். இரண்டு எழுத்து: க, ப.

மலர்: இது ஆர்ட மோதிரம்?

பையன்: எங்கடதான்.

மலர்: உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு, பாக்காமச் சொல்லு.

பையன் பேசவில்லை.

மலர்: எங்கட அப்பா கடலுக்குப் போகேக்க விரலில கிடந்த மோதிரம் இது. ஒன்பது வருசம்.

பையன்: எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா. அப்பாதான் தந்தவர்.

மலர்: எங்க அவர்?

பையன்: அந்தா, ஆட்டோவுக்க இருக்கிறார்.

மலர் கண்ணாடிக் கதவைப் பார்க்கிறாள். வெளியே நிற்கிற ஆட்டோவின் பக்கச் சீலைக்கு வெளியே ஒரு கை. வெட்டு.

ஐம்பது சொல்லுக்குக் கொஞ்சம் குறைவான வசனம். எங்கள் பேச்சு வேகத்தில், மௌனத்துக்கும் முகத்துக்கும் இடம் விட்டால், ஒரு நிமிடத்துக்கு எழுபது சொல்லுக்கு மேல் தாங்காது என்று ஸ்டொப்வொச் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். அதைத் தாண்டினால் நடிகர்கள் செய்தி வாசிப்பது போல ஓடுகிறார்கள். எழுதுகிறவர் தன் வசனத்தை மனதுக்குள் வாசித்து நேரம் பார்க்கக்கூடாது, வாய்விட்டு வாசிக்க வேண்டும், மனது எப்போதும் வாயைவிட வேகம்.

இதில் முதல் மூன்று விநாடி தராசுதான். மலர் யார், எந்த ஊர், ஏன் வேலைக்கு வந்தாள், ஒன்றும் இல்லை. முதல் வரைவில் கோணேசர் கோயில் கோபுரத்தில் இருந்து கமரா இறங்கி, கோட்டை வாசல் மான்களைக் காட்டி, கடைத்தெருவுக்கு வருவதாக எழுதி வைத்திருந்தேன். ஊரைக் காட்டும் ஆசை. எட்டு விநாடி அதற்கே போய்விடும், அதற்குள் பாதிப் பேர் விரலால் தள்ளிவிட்டிருப்பார்கள். ஊர் எப்படியும் வசனத்தில் வந்துவிடுகிறது, 'போகேக்க' என்று மலர் சொன்ன உடனேயே எங்கள் ஆட்களுக்கு யார் என்று தெரிந்துவிடும்.

இனி அந்த ஹூக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பார்க்கிறவர் என்ன நினைக்கிறார்? மலரின் அப்பா சாகவில்லை, எங்கேயோ இன்னொரு குடும்பம், இவன் அவருடைய மகன், அவர் வெளியே ஆட்டோவில் இருக்கிறார். ஆனால் பையன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 'அப்பாதான் தந்தவர்' என்று அவன் சொன்னது தன்னுடைய அப்பாவை. தப்பாகக் கோத்துக்கொண்டது மலரும் நாமும்தான். நிழல் ஹூக்கில் எழுத்தாளர் ஏமாற்றினார், இதில் பார்க்கிறவர் தானே ஏமாந்தார். முன்னதற்குக் கோபம் வரும், பின்னதற்கு 'அட' என்று வரும். கோட்டில் இந்த வித்தியாசம் அப்படியே தெரிந்தது.

இந்த ஹூக் முழுக்க ஒரே ஒரு உறவுச் சொல்லில் தொங்குகிறது என்பதைப் படப்பிடிப்புக்கு முதல் வாரம்தான் கவனித்தோம். பையனாக நடிக்க முதலில் கேட்டது கிண்ணியாவில் இருந்து வருகிற ஒரு நண்பனை. அவன் வசனத்தை வாசித்துவிட்டு, 'நான் வாப்பா எண்டுதானே சொல்லுவன்' என்றான். சரிதான், அவன் வீட்டுப் பையன் அப்படித்தான் சொல்வான். 'வாப்பாதான் தந்தவர்' என்று வந்தால் அது மலரின் அப்பா இல்லை என்பது இங்கே யாருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும், ஹூக் செத்துவிடும். பாத்திரத்தின் பேச்சை மாற்றி அவனை 'அப்பா' என்று சொல்ல வைப்பது மரியாதை இல்லாத வேலை. அவனுக்கு வேறு ஒரு பாத்திரம், கதையில் நல்ல பெரிய பாத்திரம், எழுதிக் கொடுத்தோம்.

எபிசோட் இரண்டு அதே கையில் தொடங்குகிறது. மலர் ஆட்டோவின் சீலையை இழுக்கிறாள். உள்ளே செல்வம் மாமா, அப்பா வேலை செய்த வள்ளத்தின் சம்மாட்டி. 'என்ர கண்ணுக்கு முன்னால அலை அடிச்சுக்கொண்டு போச்சு' என்று ஒன்பது வருடத்துக்கு முதல் வீட்டு முற்றத்தில் நின்று அழுத அதே ஆள். பதில் கிடைத்துவிட்டது, அதுவும் முதல் மூன்று விநாடியில், இழுத்தடிக்காமல். ஆனால் அந்தப் பதிலே பெரிய கேள்வியாகிவிடுகிறது: விரலோடு கடலுக்குப் போன மோதிரம் இந்த மனிதனிடம் எப்படி? மீதி ஐம்பது விநாடி மலர் அதைத்தான் கேட்கிறாள், அவர் மழுப்புகிறார், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசி வரி செல்வம் மாமாவுடையது: 'இத எனக்குத் தந்தது கொப்பர் இல்லப் பிள்ளை. கொம்மா.'

அந்த இடத்தில் எடிட்டர் பெண்ணுக்கும் எனக்கும் சண்டை. மலரின் முகத்துக்கு மூன்று தடவை ஸூம் போய், பின்னால் ஒரு 'டொய்ங்' போடலாம் என்றேன். ரிவி சீரியல் பார்த்து வளர்ந்த தலைமுறை, என்ன செய்வது. ஆறு விநாடி அண்ணா, பத்தில் ஒரு பங்கு, என்றாள் அவள். 'கொம்மா' முடிந்து மலரின் கண் அசையத் தொடங்கும்போதே வெட்டிவிட்டாள், அதிர்ச்சி முகத்தில் முழுதாக வந்து சேரக்கூட விடவில்லை. பார்த்தபோது அவள் சொன்னதுதான் சரி. நடிகை அதிர்ச்சியை முடித்துவிட்டால் பார்க்கிறவருக்கு அதிர்ச்சியடைய ஒன்றும் மிஞ்சாது.

எபிசோட் மூன்றில் அம்மா முற்றத்தில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிறாள். மலர் மோதிரத்தை மீன் பலகையில் வைக்கிறாள். அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, கத்தி மட்டும் நிற்கிறது. முடிவு அம்மாவின் இரண்டு சொல்: 'ஒருக்கா வந்தவர்.' எபிசோட் ஒன்றில் மலர் சொன்ன 'விரலில கிடந்த' என்பது இல்லாவிட்டால் இது விளங்காது. மோதிரம் விரலோடு போனது, பிறகு அம்மாவின் கையில் இருந்தது, அப்படியென்றால் நடுவில் அவர் கரைக்கு வந்திருக்கிறார். மூன்றாவது ஹூக்குக்கான விதை முதல் எபிசோடின் நடுவில், யாரும் கவனிக்காத ஒரு வசனத்தில் இருக்கிறது.

ஆப் வைத்திருக்கிறவர்களுக்கு இல்லாத ஒரு தலையிடி எங்களுக்கு உண்டு. ஆப்பில் எபிசோட் ஒன்று முடிந்தால் இரண்டு தானாக வரும். ஃபேஸ்புக், யூடியூப், டிக்டொக் என்று போடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஒருவருக்கு முதலில் எபிசோட் ஏழு போய்ச் சேரும், பிறகு இரண்டு, அதற்கு அடுத்தது மூன்று நாள் கழித்து. ஆக ஹூக் முன்னால் இழுத்தால் மட்டும் போதாது, நடுவில் நுழைந்தவருக்குப் பின்னாலும் இழுக்க வேண்டும், 'இதுக்கு முதல் என்ன நடந்தது?' என்று சானலுக்குள் தேட வைக்க வேண்டும். 'கடந்த எபிசோடில்' என்று போட்டுக் கதை சொல்ல நேரம் இல்லை. நாங்கள் செய்வது, ஒவ்வொரு எபிசோடின் முதல் பத்து விநாடிக்குள் யாராவது ஒருத்தர் மற்றவரைக் குற்றம் சாட்டுவது. 'ஒன்பது வருசம் எங்களுக்குப் பொய் சொன்னனீங்கள் அம்மா' என்று எபிசோட் நாலில் மலர் கத்துகிறபோது புதிதாக வந்தவருக்கு உறவு, காலம், பிரச்சினை மூன்றும் ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது. தொடர்ந்து பார்க்கிறவருக்கு அது வெறும் சண்டை. கோபத்தில்தான் மனிதர்கள் தெரிந்த விஷயத்தைத் திரும்பச் சொல்வார்கள், அதனால் அது சுருக்கம் சொல்கிற மாதிரியும் கேட்காது.

நிமிர்ந்த சட்டமும் எழுத்தை மாற்றுகிறது, கமராக்காரர் பாடு என்று விட முடியாது. 1080க்கு 1920 என்கிற அந்த ஒடுங்கின பெட்டிக்குள் இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு பேருக்கும் பாதி முகம்தான். ஒருவர் முன்னால், மற்றவர் தோளுக்குப் பின்னால், அல்லது ஒருவர் இருந்துகொண்டு மற்றவர் நின்றுகொண்டு. அதனால்தான் அம்மா முற்றத்தில் குந்தியிருக்கிறாள், மலர் நிற்கிறாள், ஆட்டோ காட்சியிலும் அவர் உள்ளே தாழ்வாக, இவள் வெளியே உயரமாக. கடற்கரைக் காட்சிகளில் பெரிய ஏமாற்றம். உப்புவெளிக் கரை கண்ணுக்கு எவ்வளவு அழகு, அந்தச் சட்டத்துக்குள் மேலே பாதி வானம், கீழே பாதி மணல், நடுவில் ஒரு நீலக் கோடு. இராவணன் வெட்டில் மேலே நின்று கீழே கடலைப் பார்க்கிற காட்சி மட்டும் இந்தச் சட்டத்துக்கென்றே செய்த மாதிரி விழுந்தது. ஹூக்கை எழுத்தில் காட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: கடிதம், மோதிரத்தின் எழுத்து, போன் மெசேஜ் எதுவானாலும் சட்டத்தின் அடியில் வராமல் எழுதுங்கள். அங்கேதான் சானல் பெயரும் தலைப்பும் வந்து மூடும், வலப்பக்கம் லைக் பொத்தான்கள். எங்கள் முதல் சோதனையில் மோதிரத்தின் 'ப' எழுத்து ஷேர் பொத்தானுக்குப் பின்னால் போய்விட்டது.

முதல் யோசனையில் மலரின் அப்பா கடலில் போனவர் இல்லை. சண்டைக் காலத்தில் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர், திரும்பாதவர். ஹூக்காகப் பார்த்தால் அதைவிட வலுவானது கிடையாது. ஆனால் இங்கே இன்னும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற அம்மாமார் இருக்கிறார்கள், அவர்களும் பேரப்பிள்ளையின் போனில் இதைப் பார்ப்பார்கள். காணாமல் போனவர் ஆட்டோவில் இருக்கிறார் என்று அவர்களுக்கு ஒரு நிமிடம் காட்டிவிட்டு வெட்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை. குழுவில் எல்லோருக்கும் இதில் உடன்பாடு இல்லை, அதைச் சொல்லாமல் எப்படி என்று ஒருத்தி இன்னும் கேட்கிறாள். சொல்லலாம், ஆனால் ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் இழுத்து விடுகிற வடிவத்தில் வேண்டாம் என்பது என் முடிவு.

கடைசியாக, முப்பது ஹூக்கையும் எப்படிச் சரிபார்த்தோம் என்பது. ஒரு கொப்பித் தாளில் கடைசி வரிகளை மட்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, கதை தெரியாத ஒருத்தரிடம் வாசிக்கக் கொடுத்தோம். கதை ஏறத்தாழ விளங்கியது. ஆனால் நாலில் இருந்து எட்டு வரை அவர் வேகமாக வாசித்துத் தள்ளினார். பார்த்தால் அந்த ஐந்தும் ஒரே வகை, யாரோ ஒருத்தர் இன்னொரு ரகசியத்தைப் போட்டு உடைக்கிறார். ஐந்தாவது ரகசியத்தில் யாருக்கும் அதிர்ச்சி வராது, எல்லோரும் பொய்யர்கள் என்று ஆகிவிடுகிறது. எபிசோட் ஆறை முழுதாகக் கிழித்துவிட்டு வசனமே இல்லாமல் எழுதினோம். இரவு. அம்மாவும் மலரும் சண்டைக்குப் பிறகு பேசாமல் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அம்மா குசினியில் கோப்பை கழுவி எடுத்து வைக்கிறாள், ஒன்று, இரண்டு. கொஞ்சம் நின்று, மூன்றாவதையும் எடுத்து வைக்கிறாள். வெட்டு.